இலவச நோட்ஸ் ஆப்: எட்டாவது நாள் தேடினால் கிடைக்காது!

மளிகைக் கணக்கு முதல் கல்லூரிப் பாடம் வரை எல்லாமே இப்போது நோட்ஸ் ஆப்களில்தான். ‘ஃப்ரீ’ என்று போட்டிருப்பதால் பலரும் பிளான் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2016-ல் எவர்நோட், இலவசப் பயனர்கள் 2 சாதனங்களில் மட்டுமே சிங்க் செய்யலாம் என்றது. போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப் என மூன்றிலும் வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கழற்றிவிட வேண்டியதாயிற்று. பிரவுசரில் திறப்பது கணக்கில் வராது என்பது ஒரு சின்ன ஆறுதல். 2023 டிசம்பரில் இன்னும் இறுக்கி, இலவசக் கணக்குக்கு 50 நோட்ஸ், ஒரு நோட்புக் என்று சுருக்கியது.

நோஷன் அப்படியல்ல. எத்தனை சாதனத்திலும் திறக்கலாம், தனி ஆளாகப் பயன்படுத்தினால் பக்கங்களுக்கும் வரம்பில்லை. ஆனால், இலவச பிளானில் ஒரு ஃபைல் 5 எம்.பி.யைத் தாண்டக் கூடாது. போனில் ஸ்கேன் செய்த இருபது பக்க பி.டி.எஃப். பல நேரம் இதைத் தாண்டிவிடும். அதை கூகுள் டிரைவில் போட்டு லிங்க்கை ஒட்டலாம். டிரைவில் இடம் போதவில்லை என்று அந்த ஃபைலை அழித்தால், நோட்ஸில் மிஞ்சுவது வெறும் லிங்க்தான்!

இதைவிடப் பெரிய இழப்பு, பழைய வடிவங்களில். இலவச பிளானில் ஒரு பக்கத்தின் முந்தைய வடிவங்கள் 7 நாள்களுக்கு மட்டுமே கிடைக்கும். பிளஸ் பிளானில் 30 நாள்கள்.

ஒரு மாணவி 1-ம் தேதி தன் புராஜெக்ட் பக்கத்தைச் சுத்தம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைதவறி இரண்டு பத்திகள் அழிந்துவிடுகின்றன. 5-ம் தேதி கவனித்திருந்தால், பக்கத்தின் மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் Version history-க்குப் போய், பழைய வடிவத்தை மீட்டிருக்கலாம். அவர் பார்ப்பதோ 10-ம் தேதி. அப்போது வரிசையில் இருப்பவை எல்லாமே, அந்தப் பத்திகள் போன பிறகு சேமிக்கப்பட்டவை.

‘டிராஷில் 30 நாள் இருக்குமே’ என்று தோன்றலாம். அங்கே போவது முழுசாக டெலிட் செய்த பக்கங்கள்தான். பக்கத்துக்குள் அழித்த வரிகள் அல்ல. லேப்டாப்பில் இருக்குமா என்றால், அதுவும் இல்லை. சிங்க் என்பது அழித்ததையும் சேர்த்தே எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்விடும்.

முக்கியமான பக்கத்தில் பெரிய மாற்றம் செய்யும் முன், அதே மெனுவில் Duplicate கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இலவசக் கணக்கிலும் இது உண்டு. நகலுக்கு 7 நாள் கெடுவும் கிடையாது. வாரம் ஒருமுறை Export கொடுத்து, ஃபைலாக லேப்டாப்பில் இறக்கி வைப்பது இன்னும் பத்திரம்.

கல்லூரி கொடுத்த இ-மெயில் முகவரி இருக்கும் மாணவர்கள், பணம் கட்டும் முன் நோஷனின் கல்விச் சலுகையைப் பார்த்துவிடலாம். தகுதி இருந்தால் பிளஸ் பிளானே இலவசம்.