வீட்டுக் கணக்கில் எது செலவு?

ஹைதராபாத்தின் தார்நாகாவிலும் பக்கத்து லாலாகூடாவிலும் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். அப்படி ஒரு வீட்டில் அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது; மகனும் மருமகளும் சம்பளக்காரர்கள். பாலுக்கும் கீரைக்கும் அம்மா ரொக்கம் கொடுக்கிறார். மளிகைக்கு மருமகள் தன் போனில் பணம் அனுப்புகிறாள். கரண்ட் பில் மகனுடைய போனில் போகிறது. நாலு பேரும் செலவு செய்கிறார்கள், மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

போன் செயலி இதற்குத் தீர்வாகாது. ஒருவருடைய கணக்கிலிருந்து போன பணத்தை அது காட்டும். அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து போனதைக் காட்டாது. பூட்டிய போனுக்குள் இருக்கும் கணக்கை மாமனார் எடுத்துப் பார்க்கவும் முடியாது. அடுக்களைச் சுவரில் பேனாவோடு தொங்கும் ஒரு நீள நோட்டு இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது.

நோட்டில் எப்படி எழுதுவது? நாட்டின் குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் புள்ளியியல் துறையிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. காய்கறி, பழம், முட்டை போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் செலவைக் கேட்பார்கள். அரிசி, பருப்புக்கு 30 நாள். துணிமணிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் 365 நாள். போன வாரம் வாங்கிய கத்தரிக்காய் நினைவில் இருக்கும், ஆறு மாதத்துக்கு முன் வாங்கியது இருக்காது. தீபாவளிப் புடவையோ வருடம் கழித்தும் மறக்காது. ஞாபகத்தின் இந்த இயல்பை வைத்தே கேள்விகளைப் பிரித்திருக்கிறார்கள்.

வீட்டு நோட்டையும் அப்படியே பிரிக்கலாம். மாதத்துக்கு ஒரு விரிப்பு. இடப்பக்கம் மாதம் ஒருமுறை வருபவை: பால், கரண்ட், கேஸ், மளிகை, வேலைக்கார அம்மாவின் சம்பளம். வலப்பக்கம் வாரத்துக்கு ஒரு வரி: காய்கறி, மருந்து, ஆட்டோ, மற்றவை. தொகையைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி எழுதினால் போதும். பெரிய எழுத்தில், தமிழில். தொகைக்குப் பக்கத்தில் கொடுத்தவரின் பெயர் முதலெழுத்து.

வருடச் செலவுக்குக் கடைசிப் பக்கம். உதாரணத்துக்குப் பள்ளிக் கட்டணம் 48,000, துணிமணி 21,000, ஊர்ப் பயணம் 12,000, வண்டி இன்ஷூரன்ஸ் 9,000, சொத்து வரி 6,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 96,000 ரூபாய். மாதத்துக்கு 8,000. அதைத் தனியாக எடுத்துவைத்து ஒவ்வொரு மாதமும் எழுதிவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது ‘இந்த மாசம் இவ்வளவு செலவா?’ என்று பெரியவர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. பணம் கையில் இருந்தால், ஏப்ரலுக்குள் சொத்து வரி கட்டுபவர்களுக்கு ஹைதராபாத் மாநகராட்சி தந்துவரும் 5 சதவீதத் தள்ளுபடியும் கைநழுவாது.

கணக்கு பெரும்பாலும் கெடுவது ஒரே பணத்தை இரண்டு முறை எழுதுவதால்தான். அப்பா ஏடிஎம்மில் 8,000 எடுக்கிறார். அதில் 5,000 மருமகளிடம் கொடுக்கிறார். அவள் காய்கறி வாங்குகிறாள். மூன்றையும் எழுதிவிட்டால் மூன்று செலவு. பணம் வீட்டைவிட்டு வெளியே போனால்தான் செலவு, கைமாறினால் செலவல்ல. கிரெடிட் கார்டுக்கும் இதே விதி. பொருள் வாங்கிய நாளில் எழுதிவிட்டால் பில் கட்டும் நாளில் மறுபடி எழுதக் கூடாது.

விடுபட்டதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மாதம் பிறக்கும்போது வீட்டில் எல்லோரிடமும் இருந்த ரொக்கம் 1,500. ஏடிஎம்மில் எடுத்தது 8,000. மாதக் கடைசியில் மிச்சம் 2,100. அப்படியானால் ரொக்கச் செலவு 7,400. நோட்டில் ரொக்கமாகக் கொடுத்தவற்றைக் கூட்டினால் 6,650 வருகிறது. மீதி 750 ரூபாயை ‘விடுபட்டது’ என்று எழுதி மூடிவிட வேண்டும். கோயில் உண்டியல், பூ, பேரனுக்கு வாங்கிய பிஸ்கட் என்று அது போயிருக்கும். அதற்காக யாரையும் விசாரிக்கக் கூடாது. மாதாமாதம் இந்தத் தொகை ஏறினால் மட்டும், எழுத மறக்கும் ஓர் இனம் இருக்கிறது என்று பொருள். அதற்கு ஒரு தனிக் கட்டம் போடலாம்.

பெரியவர்களுக்கும் தம்பதிக்கும் தனிக் கைச்செலவு என்று ஒரு தொகை வேண்டும். வருடச் செலவுக்கு எடுத்துவைப்பதைப் போல, வீட்டுக்குள் கைமாறினாலும் இதையும் கொடுத்த அன்றே செலவாக எழுதிவிடலாம். மேலே சொன்ன ரொக்கக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம். தொகை மட்டும் நோட்டில் வரும், விவரம் வராது. நாற்பது வருடம் தன் சம்பளத்தில் வீட்டை நடத்தியவர் வெற்றிலைக்கும் பத்திரிகைக்கும் மருமகளிடம் கணக்கு ஒப்பிக்க நேர்ந்தால், அடுத்த மாதமே அவர் நோட்டைத் தொடமாட்டார். அவர் எழுதாத நோட்டில் வீட்டின் ரொக்கப் பாதி காணாமல் போய்விடும்.

ஆஸ்பத்திரிச் செலவு இந்த விரிப்புக்குள் அடங்காது. மாத மருந்து வலப்பக்கத்தில் இருக்கட்டும்; அறுவை சிகிச்சை போன்றதற்குத் தனித்தாள் எடுத்து, ரசீதுகளை அதோடு கோத்துவைக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் திரும்பி வரும் தொகையை எழுதவேண்டிய இடமும் அதே தாள்தான்.