பிளெசன்ட் பேர்சனாலிட்டி எண்டால் வெள்ளைத்தோல் இல்ல

பாசிக்குடாக் கடற்கரையில் யுத்தத்துக்குப் பிறகு வரிசையா ஹோட்டல் எழும்பிற்று. ஆனா அந்த ஹோட்டல்களில வேலைக்கு ஆள் கேட்கிற விளம்பரம் நம்மட கண்ணுக்கு வரும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில மட்டும்தான் வருது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கிச்சு. "அது அரசாங்கக் கந்தோருக்கு, தனியார் ஹோட்டலுக்கு இல்ல" எண்டு பதில் வரும். சரி. அப்ப கல்குடாவில ஆள் தேடுறவர் கல்குடாவில பேசுற மொழியில ஏன் தேடுறாரில்ல?

அந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கட்டுரை நம்மளையும் திட்டத்தான்.

போன மாதம் எங்கட தோழி ஒருத்தி ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில அனுப்பினாள். வரவேற்பு மேசை வேலை. அவளின்ட மாமா அதை வாசிச்சு, "இது நமக்குச் சரிவராது புள்ள" எண்டு ஒரே வரியில முடிச்சிற்றார். ஏன்? 'பிளெசன்ட் பேர்சனாலிட்டி' எண்டதை அவர் 'வடிவான, வெள்ளையான ஆள்' எண்டு மொழிபெயர்த்தார். விளம்பரத்தில இருந்தது இன்முகமாய்ப் பழகும் தன்மை. நிறம் அதில இல்ல. நம்மட ஊர் சேர்த்தது அது. மேசைக்கு அங்கால இருக்கிற ஆளும் அப்படித்தான் வாசிப்பாரோ எண்ட பயம் நியாயம்தான். ஆனா அவர் சொல்ல முதல் அவருக்காக நாமே 'இல்ல' எண்டு சொல்லக் கூடாது.

நாங்க நாலு பேர் இருந்து வரி வரியாத் தமிழில எழுதினோம். எழுதும்போதுதான் தெரிஞ்சது, எல்லா வரிக்கும் ஒரே பாரம் இல்ல எண்டு. 'மஸ்ட்', 'மினிமம்' எண்டு வந்தா அது கட்டாயம். 'பிரிஃபேர்ட்', 'அடெட் அட்வான்டேஜ்' எண்டு வந்தா இருந்தா நல்லம், இல்லாட்டியும் விண்ணப்பிக்கலாம். இந்த வித்தியாசத்தை விட்டுட்டு மொழிபெயர்த்தா, விருப்பமெல்லாம் வேலியா மாறிடும்.

இந்த விளம்பரத்தில கட்டாயம் நாலுதான்: சாதாரண தரத்தில ஆங்கிலம் உட்பட ஆறு பாடம், ஆங்கிலம் பேச வரணும், முறைமாற்று வேலைக்குச் சம்மதம், அதையொத்த வேலையில குறைஞ்சது ஒரு வருட அனுபவம். சிங்களமும், 'ஒபேரா' எண்ட அறைப்பதிவு மென்பொருளும் மேலதிகத் தகைமைகள்.

அவளுக்கு ஒன்பது பாடம் இருக்கு, ஆங்கிலத்தில சி. பேசுவாள், ஆனா திக்குவாள். சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும். ஒபேரா தெரியாது. அனுபவம்? "ஹோட்டல்ல ஒருநாளும் நிண்டதில்ல" எண்டாள். வாழைச்சேனையில ஒரு கொமினிகேஷன் கடையில 14 மாதம் நிண்டவள். காசு வாங்கி, பஸ் சீட் பதிஞ்சு, கோபத்தோட வாற ஆளைச் சமாளிச்சவள். விளம்பரம் கேட்டது 'அதையொத்த வேலை', ஹோட்டல் வேலை எண்டு இல்ல. அது முழுசாப் பொருந்தாது, பாதி பொருந்தும். நாலில மூன்றரை. போடலாம் எண்டு முடிவெடுத்தோம். 'ஹோட்டலில இரண்டு வருடம் கட்டாயம்' எண்டு இருந்திருந்தா விடச் சொல்லியிருப்போம்.

முறைமாற்றைத்தான் அதிகம் யோசிச்சோம். இரவு பத்து மணிக்கு வேலை முடிஞ்சா பஸ் இல்ல. தங்குமிடமா, வாகனமா எண்டு நேர்முகத்தில கட்டாயம் கேட்கணும். அது துணிச்சல் இல்ல, தேவை.

பிறகு மின்னஞ்சல். அவள் முதல் எழுதினது ஒரு பக்கம்: குடும்பக் கஷ்டம், கடின உழைப்பு, தாழ்மையான வேண்டுகோள். அனுபவம் கடைசி வரியில. நாங்க தமிழில இப்படிச் சுருக்கினோம்:

> பொருள்: வரவேற்பு மேசை உதவியாளர் பதவிக்கு விண்ணப்பம்
>
> ஐயா/அம்மணி,
> மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். வாழைச்சேனையில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் 14 மாதங்கள் பணம் பெறுதல், பயணப் பதிவு, வாடிக்கையாளர் முறைப்பாடு ஆகியவற்றைக் கவனித்தேன். தமிழில் சரளமாகவும், ஆங்கிலத்தில் வேலைக்குத் தேவையான அளவும், சிங்களத்தில் ஓரளவும் பேசுவேன். ஒபேரா பயன்படுத்தியதில்லை, பதிவுகளைக் கணினியில் செய்து பழக்கம் உண்டு. முறைமாற்று வேலைக்குச் சம்மதம். சுயவிபரமும், உறவினர் அல்லாத இருவரின் விபரமும் இணைத்துள்ளேன்.

பிறகு அவளே அதை ஆங்கிலமாக்கினாள். நாங்க எழுதிக் குடுக்கல்ல. நாங்க எழுதின ஆங்கிலத்தோட போய் நேர்முகத்தில அவள் திக்கினா, முதல் கேள்வியிலேயே பிடிபட்டிடுவாள். சரளம் எண்டும் போடவிடல்ல, அதே காரணம். தெரியாததைத் தெரியாது எண்டு போட்டா தெரிஞ்சதை நம்புவாங்க.

பதில் இன்னும் வரல்ல. வராமலும் போகலாம். ஆனா இந்த முறை 'இல்ல' எண்டு சொல்லணுமெண்டா ஹோட்டல்தான் சொல்லணும். மாமா சொல்ல ஏலாது.