கிலோவைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா?

நிலக்கடலையும் எள்ளும் விளைவிக்கும் சிறு விவசாயிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, மின்மோட்டாரில் ஓடும் மரச்செக்கு ஒன்றை வாங்கிப் போடுவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. அறுவடை முடிந்த சில மாதங்களில் செக்குக்கு ஓய்வே இருப்பதில்லை. சொந்த வித்து ஒரு பக்கம் காத்திருக்கிறது. கூலிக்கு ஆட்ட வந்தவர்களின் மூட்டைகள் இன்னொரு பக்கம் காத்திருக்கின்றன. அந்த நாட்களில் எதை முதலில் ஆட்டுவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் கூறும் விடை, "எந்த எண்ணெயில் கிலோவுக்கு அதிகம் நிற்கிறதோ அதை" என்பதே. இந்த விடை தவறானது. அது செக்கின் வருவாயைச் சத்தமின்றிக் குறைத்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. விவசாயிகள் தத்தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

செக்கில் ஒரு தடவைக்கு 15 கிலோ நிலக்கடலைப் பருப்பு போடுவதாகக் கொள்வோம். பருப்பைக் கொட்டுவது முதல் பிண்ணாக்கை எடுப்பது வரை 45 நிமிடம் ஆகிறது. 6 கிலோ எண்ணெயும் எட்டரைக் கிலோ பிண்ணாக்கும் கிடைக்கின்றன. எண்ணெய் கிலோ 280 ரூபாய்க்கும் பிண்ணாக்கு 40 ரூபாய்க்கும் விற்றால் வரவு 2,020 ரூபாய். பருப்புக்குக் கிலோ 110 ரூபாய் வீதம் 1,650 ரூபாயும், மின்சாரத்துக்கு 25 ரூபாயும், பாட்டில்களுக்கு 45 ரூபாயும் போக நிற்பது 300 ரூபாய். அதாவது எண்ணெய் கிலோவுக்கு 50 ரூபாய்.

அதே செக்கில் 15 கிலோ எள் ஆட்ட 90 நிமிடம் ஆகிறது. 6 கிலோ எண்ணெய் கிலோ 420 ரூபாய்க்கும், 8 கிலோ பிண்ணாக்கு 50 ரூபாய்க்கும் விற்றால் வரவு 2,920 ரூபாய். எள்ளுக்குக் கிலோ 160 ரூபாய் வீதம் 2,400 ரூபாய், உடன் சேர்க்கும் வெல்லத்துக்கு 65 ரூபாய், மின்சாரத்துக்கு 50 ரூபாய், பாட்டில்களுக்கு 45 ரூபாய் போக நிற்பது 360 ரூபாய். எண்ணெய் கிலோவுக்கு 60 ரூபாய்.

கிலோவைப் பார்த்தால் எள்ளே மேல். ஆனால் பற்றாக்குறையாக இருப்பது வித்து அன்று, செக்கின் நேரம். ஆகவே நின்ற தொகையை நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். நிலக்கடலை முக்கால் மணியில் 300 ரூபாய், அதாவது மணிக்கு 400 ரூபாய் தருகிறது. எள் ஒன்றரை மணியில் 360 ரூபாய், அதாவது மணிக்கு 240 ரூபாயே தருகிறது. வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது. இவ்வாறு கிடைக்கும் எண்ணை மணிக்கான பங்களிப்பு என்பர்.

இந்தக் கணக்கில் செக்குக் கொட்டகை வாடகையோ, கடன் தவணையோ, செக்கு ஓட்டுபவரின் மாதச் சம்பளமோ வரவில்லை. எள் ஆட்டினாலும் நிலக்கடலை ஆட்டினாலும் அவை மாறுவதில்லை. ஆகவே எதை ஆட்டுவது என்ற முடிவுக்கு அவை தேவையில்லை. ஓட்டுபவருக்குத் தடவைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதாக இருந்தால் மட்டும் அதைக் கழிக்க வேண்டும்.

இனி கூலி ஆட்டத்துக்கு வருவோம். வித்து எதுவானாலும் கிலோவுக்கு 20 ரூபாய் என்று ஒரே கூலி வாங்குவதாகக் கொள்வோம். 15 கிலோ நிலக்கடலைக்குக் கூலி 300 ரூபாய். மின்சாரம் போக 275 ரூபாய் நிற்கிறது. மணிக்கு ஏறக்குறைய 367 ரூபாய். முதல் போடாமல், விற்கும் கவலையும் இல்லாமல் வரும் இந்தப் பணம் சொந்த எள்ளில் வருவதைவிட அதிகம். ஆனால் எள்ளுக்கும் அதே கூலி என்றால் 250 ரூபாய்க்காக ஒன்றரை மணி நேரம் போகிறது. மணிக்கு 167 ரூபாய்தான். எள்ளுக்கு இரட்டிப்பு நேரம் பிடிப்பதால், நிலக்கடலைக்கு 20 ரூபாய் என்றால் எள்ளுக்கு 40 ரூபாய் வாங்குவதே சரியான கூலி. நெருக்கடியான மாதங்களில் கூலியை எடைக்கு என்று வைக்காமல் நேரத்துக்கு என்று வைப்பதே நியாயம்.

ஒரு வாரத்தில் பயன்படும் நேரம் 40 மணி என்போம். சொந்த எள்ளெண்ணெய் 120 கிலோ விற்கும் என்று அதை முதலில் ஆட்டினால் 20 தடவைக்கு 30 மணி போகிறது. வித்து மாற்றும்போது செக்கைத் துடைக்க 1 மணி. மீதி 9 மணியில் 12 தடவை நிலக்கடலை. வாரத்தில் நிற்பது 10,800 ரூபாய்.

மணிக்கான பங்களிப்பின் வரிசையில் போனால், சொந்த நிலக்கடலை எண்ணெய் விற்கக்கூடிய அளவான 144 கிலோவுக்கு 18 மணி. அதற்கு மேல் ஆட்டினால் தேங்கும். எனவே அத்துடன் நிறுத்தி, கூலிக்கு வந்த நிலக்கடலைக்கு 12 மணி. துடைக்க 1 மணி போக, 9 மணியில் 6 தடவை எள். நிற்பது 13,760 ரூபாய். அதே செக்கு, அதே 40 மணி. வாரத்துக்கு 2,960 ரூபாய் வேறுபாடு. எள்ளெண்ணெய் கேட்டு வரும் வாடிக்கைக்காரர்களுக்கு 36 கிலோவும் கிடைத்துவிடுகிறது.

நேரத்தின் விலை தெரிந்தால் இன்னொரு தகராறும் தீரும். அவசரத்தில் 10 நிமிடம் முன்னதாகப் பிண்ணாக்கை எடுப்பது உண்டு. அதனால் அரைக் கிலோ எண்ணெய் பிண்ணாக்கில் தங்கினால், எண்ணெய் விலைக்கும் பிண்ணாக்கு விலைக்கும் உள்ள வித்தியாசப்படி 120 ரூபாய் நட்டம். 10 நிமிடத்தின் மதிப்போ ஏறக்குறைய 67 ரூபாய். ஆகவே அவசரப்படக் கூடாது. மாறாக, கடைசி 10 நிமிடத்தில் 100 கிராம்தான் வருகிறது என்றால் அது 24 ரூபாய். அப்போது செக்கை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் நட்டம்.

இந்த வரிசை நிலையானது அன்று. நிலக்கடலைப் பருப்பு கிலோவுக்கு 8 ரூபாய் ஏறி, எண்ணெய் விலை ஏறாமல் நின்றால், ஒரு தடவைக்கு 120 ரூபாய் குறைந்து மணிக்கு 240 ரூபாய் என்றாகி, எள்ளுக்குச் சமமாகிவிடும். அப்போது கூலி நிலக்கடலையே முதலிடம் பெறும். எனவே வித்து விலை மாறும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். நேரத்தையும் ஊகிக்காமல் குறித்துவைக்க வேண்டும். ஒரு தடவை வித்தைக் கொட்டியதிலிருந்து அடுத்த தடவை கொட்டும் வரை உள்ளதே உண்மையான நேரம். ஈரம் அதிகமுள்ள வித்தில் நேரமும் கூடும், எண்ணெயும் குறையும். ஐந்தாறு தடவை குறித்துச் சராசரி எடுப்பது நல்லது.

அறுவடைக் காலம் கடந்து செக்கு பாதி நாள் சும்மா நிற்கும்போது இந்த முறை வேண்டியதில்லை. அப்போது நேரம் பற்றாக்குறை அன்று. மாறும் செலவு போக ஏதேனும் நிற்கிற எதையும் ஆட்டலாம். குறைவாக இருப்பது வித்து வாங்கும் பணம் என்றால், போட்ட நூறு ரூபாய்க்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எது குறைவாக இருக்கிறதோ அதைக் கொண்டே அளக்க வேண்டும். மூட்டைகள் வரிசையில் நிற்கும் மாதங்களில் குறைவாக இருப்பது செக்கின் நேரமே. ஆகவே அம்மாதங்களில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் இருக்க வேண்டும்.