யாரிடம் ராஜினாமா செய்வது?

வேலையை விடுவதென்று முடிவு பண்ணியாச்சு. லெட்டரை யாருக்குக் கொடுப்பது? சிரிக்காதீங்க, நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த நடுத்தரக் கம்பெனி. நான் அக்கவுண்ட்ஸ். மேனேஜர் மூன்று டேபிள் தள்ளி உட்கார்ந்திருப்பார். லீவு வேண்டுமென்றால் எழுந்து போய்ச் சொன்னால் போதும். பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்களை இணைத்துக்கொண்டது. இப்போது எனக்கு இரண்டு மேனேஜர்கள். குருகிராமில் இருப்பவர் ‘சாலிட் லைன்’, இங்கே இருப்பவர் ‘டாட்டட் லைன்’. என் வேலை என்னவென்று டாட்டட் லைனுக்குத் தெரியும், ஆனால் அவர் வார்த்தை எதற்கும் செல்லாது. இன்க்ரிமென்ட் போடுகிறவர் சாலிட் லைன், அவருக்கு என் முகமே தெரியாது! அம்மாவின் கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு ஒரு நாள் லீவு கேட்டேன். “உங்கள் இடத்தில் யார் பார்ப்பார்கள்?” என்று திருப்பிக் கேட்டார். பத்து பேர் இருந்த டீமை நாலு பேராக்கியது யார் சாமி?

அப்புறம் அந்த பாப்-அப். காலையில் சிஸ்டத்தைத் திறந்தால் ‘பாலிசி ஒருங்கிணைப்பு’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கீழே ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று ஒரே ஒரு பட்டன். ஏற்கவில்லை என்பதற்குப் பட்டன் கிடையாது. அமுக்கினால்தான் உள்ளே விடும். மாதக் கடைசியில், ஜி.எஸ்.டி. வேலை தலைக்கு மேல் இருக்கும்போது, யார் உட்கார்ந்து அந்த நீளமான பி.டி.எஃப்.பைப் படிப்பது? அதற்குள்தான் நோட்டீஸ் பீரியட் 30 நாளிலிருந்து 90 நாளாக மாறியிருந்தது. சேர்த்து வைத்த லீவுக்கும் உச்சவரம்பு வந்திருந்தது.

இதையெல்லாம் லெட்டரில் கொட்டத்தான் கை துறுதுறுக்கும். கூடாது என்று எங்கள் பழைய எச்.ஆர். அக்கா ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். இணைப்பு நடந்த வருஷமே வேலையை விட்டுப் போனவர் அவர், கொடுத்துவைத்தவர். “நீ கோபத்தைக் காட்டப்போறது யாருக்கும்மா? அந்த லெட்டர் ஃபைலுக்குப் போகும். நாளைக்கு வேற கம்பெனிக்காரன் வெரிஃபிகேஷனுக்குக் கேட்டா, அந்த ஃபைலைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாங்க” என்றார்.

சரி, ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று மட்டும் எழுதிவிடலாமே என்றேன். அதுவும் வேண்டாமாம். நோட்டீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறோம், லீவுப் பணம் கேட்கப்போகிறோம். காரணம் சொந்தக் காரணம் என்று நாமே எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு பாலிசி மாறிப்போச்சு என்று புலம்பினால் எவன் மதிப்பான்? நியாயம்தானே? ஆகவே மாறியதைச் சொல்லணும், மாற்றியவனைச் சொல்லக்கூடாது. ‘என்னைக் கட்டாயப்படுத்தி’, ‘மன உளைச்சல்’ என்றெல்லாம் எழுதினால் அது வக்கீல் நோட்டீஸின் பாஷை. நிஜமாகவே வழக்குப் போடுகிற நிலைமை என்றால் லெட்டர் கொடுப்பதற்கு முன்பே வக்கீலிடம் போய்விட வேண்டும். ராஜினாமா லெட்டரில் பாதி வழக்குப் போடக்கூடாது.

இங்கிலீஷில்தான் அனுப்பினேன். சாரம் இவ்வளவுதான்: “என் பதவியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். இணைப்புக்குப் பிறகு என் பொறுப்பும், நான் ரிப்போர்ட் செய்யும் முறையும், நோட்டீஸ், லீவு விதிகளும் நான் சேர்ந்தபோது இருந்ததைவிட மாறியிருக்கின்றன. நிறுவனத்தின் தேவை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த அமைப்பு எனக்குப் பொருந்தவில்லை. என் நியமன ஆர்டரில் நோட்டீஸ் 30 நாள். அதன்படி விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேலையை ஒப்படைக்க இன்னும் சில நாள் தேவைப்பட்டால் பேசி முடிவு செய்யலாம். முதலில் பணியில் சேர்ந்த தேதியிலிருந்து என் சர்வீஸ் தொடர்ச்சியானது என்பதை உறுதிசெய்யவும்.”

அந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னதற்கு அக்காவுக்குக் கோயில் கட்டலாம். கம்பெனிகளின் இணைப்பு பெரும்பாலும் 2013 கம்பெனிகள் சட்டப்படி என்.சி.எல்.டி. என்ற தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே ஒப்புதல் வாங்குகிற திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி ஒரு பாரா வழக்கமாக இருக்கும்: சர்வீஸ் அறுபடாது, நிபந்தனைகள் மொத்தத்தில் பழையதைவிடக் குறையாது என்று. லிஸ்டட் கம்பெனி என்றால் அந்தத் திட்டம் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்திலேயே கிடைக்கும். எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை. கேக் வெட்டிய போட்டோ மட்டும் எல்லார் போனிலும் இருக்கிறது.

சர்வீஸ் தேதியில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? கிராஜுவிட்டி சார், கிராஜுவிட்டி! ஒருவருக்கு கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் 52,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் எட்டு வருஷம் ஏழு மாசம். ஆறு மாசத்துக்கு மேல் இருப்பதால் ஒன்பது வருஷக் கணக்கு. 52,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 9-ஆல் பெருக்கினால் 2,70,000 ரூபாய். அதே ஆளுக்கு, இணைப்பு நடந்த நாளைச் சேர்ந்த தேதியாகப் போட்டு சர்வீஸ் இரண்டே வருஷம் என்று கம்ப்யூட்டர் காட்டினால்? ராஜினாமா செய்கிற நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருஷம் வேண்டும். ஆகக் கிடைப்பது பூஜ்யம். யாரும் திருடவே இல்லை, டேட்டா மைக்ரேஷனில் ஒரு கட்டம் தப்பாக நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

நோட்டீஸ் விஷயம் அவ்வளவு சுலபமாக ஜெயிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நியமன ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் ‘விதிகள் அவ்வப்போது மாற்றத்துக்கு உட்பட்டவை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி பல கம்பெனிகளில் இருக்கும். கூடவே நாம் அமுக்கிய பட்டன் வேறு. அதனால்தான் உரிமை என்று அடித்துப் பேசாமல், ஆர்டரைச் சுட்டிக்காட்டி வேண்டுகோளாக வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, மெயில் அனுப்புவதற்கு முன்னாலேயே பே ஸ்லிப், ஃபார்ம் 16, லீவு பேலன்ஸ் பக்கம், நியமன ஆர்டர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய சொந்தப் பேப்பர் மட்டும், கம்பெனி ஃபைல் எதையும் தொட வேண்டாம். எங்கள் பழைய போர்ட்டலை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். பழைய ஸ்லிப் கேட்டால் ‘டிக்கெட் போடுங்கள்’ என்று பதில். போட்ட டிக்கெட்டை யார் மூடினார்கள் என்பது பரம ரகசியம்.

கடைசியில் லெட்டர் மட்டும் போதாதாம், போர்ட்டலிலும் ராஜினாமா செய்யணுமாம். அங்கே காரணத்துக்கு ஒரு பட்டியல்: மேற்படிப்பு, திருமணம், உடல்நலம், நல்ல வாய்ப்பு, சொந்தக் காரணம். இணைப்பு? அது மட்டும் கிடையாது. எங்கள் ஃப்ளோரே பாதி காலியானதற்கு அத்தனை பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கும் போல! ‘நல்ல வாய்ப்பு’ என்று தேர்ந்தெடுத்தேன். குறிப்பு எழுதும் இடத்தில், காரணம் மெயிலில் உள்ளபடி என்று மெயில் தேதியைப் போட்டேன். மெயிலை சாலிட் லைனுக்கு அனுப்பி, டாட்டட் லைனுக்கும் எச்.ஆர்.க்கும் காப்பி வைத்தேன். யாராவது ஒருத்தர் என் மேனேஜராக இருக்கத்தானே வேண்டும்?

ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. சேர்ந்த தேதி என்ற இடத்தில் இணைப்பு நடந்த தேதி! நியமன ஆர்டரை இணைத்து, திருத்தித் தரும்படி மரியாதையாக மறுபடி எழுதினேன். திருத்தினார்கள். நோட்டீஸில் முழு 30 நாள் கிடைக்கவில்லை, 60-க்கு இறங்கி வந்தார்கள். அடுத்த நாளே குருகிராமிலிருந்து ஒரு மெயில்: எனக்குப் பதிலாக வரப்போகிறவருக்கு நான் பார்க்கும் வேலைகளைப் பட்டியல் போட்டுத் தரவேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். “இவ்வளவு வேலையா பார்க்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார்.