லோன் ரிஜெக்ட்... பைக் புக்கிங் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

மதுரையில் வேலை, வீடு திருமங்கலம் பக்கம் என்று இருப்பவருக்கு பைக் இல்லாமல் முடியாது. அப்படி ஒருவர் ஷோரூமில் 10,000 ரூபாய் கட்டி புக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து லோன் ரிஜெக்ட். பணத்தைக் கேட்டால், "ஃபார்ம்ல நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கே சார்" என்கிறார்கள்.

அந்த ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடாது. ஆனால் லோன் கிடைக்காதது டீலரின் தவறும் அல்ல. எனவே, 'டீலருக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்?' என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கு அடிப்படை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, முட்டை சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் சரியாகச் சப்ளை செய்யவில்லை. அரசு அவருடைய டெபாசிட்டை எடுத்துக்கொண்டது. நஷ்டத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடிகிற இடத்தில் அதை நிரூபிக்காமல் பணத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நியாயமான சிறு முன்பணத்தைப் பறிமுதல் செய்வதைத் தடுக்கவில்லை. அதனால் 500, 1,000 ரூபாய் பிடித்தால் வாதாடுவது கஷ்டம். வண்டி இன்னும் ஸ்டாக்கிலேயே, அடுத்த ஆளுக்கு விற்கிற நிலையில் நிற்கும்போது 10,000 ரூபாயையும் வைத்துக்கொண்டால், அதற்குக் கணக்கு கேட்கலாம். ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் முடிந்த பிறகு கேன்சல் செய்தால் கதை வேறு. அந்தச் செலவு நிஜமானது.

"ஜிஎஸ்டி கட்டிட்டோம்" என்பதும் அடிக்கடி வரும் பதில். பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கும் நேரத்தில் ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பரிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. இன்வாய்ஸ் போட்டால்தான் வரி. ஆகவே, "இன்வாய்ஸ் காப்பி கொடுங்க" என்று கேட்டாலே பல நேரம் பேச்சு மாறும்.

முதலில் லோன் ரிஜெக்ட் ஆனதை எழுத்தில் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிகள் நிராகரிப்பின் முக்கியக் காரணத்தை எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும். அதையும் ரசீதையும் இணைத்து, ஷோரூம் மேனேஜருக்கு இமெயிலில் கேன்சல் கடிதம் அனுப்புங்கள். பிடித்தம் இருந்தால் என்னென்ன செலவுக்கு என்று விவரம் கேட்டு, 15 நாள் கெடு கொடுங்கள். போனில் பேசியதற்கு அப்புறம் சாட்சி இருக்காது.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அது சமரச முயற்சி மட்டும்தான், உத்தரவு போடாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

இனிமேல்தான் புக் செய்யப் போகிறீர்களா? ரசீதிலேயே 'லோன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்று எழுதி, சீல் வாங்கிய பிறகு பணத்தைக் கட்டுங்கள். சேல்ஸ்மேன் தயங்கினால், லோன் சாங்ஷன் ஆகும்வரை புக்கிங்கைத் தள்ளிப்போடலாம்.