முதல் டெவலப்பர் தேவை

சிறிய ஸ்டார்ட்அப் ஒன்று தன் முதல் மொபைல் டெவலப்பரைத் தேடும்போது ஸ்விஃப்ட், காட்லின், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என எல்லாவற்றையும் விளம்பரத்தில் அடுக்கிவிடுகிறது. கல்யாண மளிகைப் பட்டியல் தோற்றது! ஃப்ளட்டரில் பத்தாண்டு அனுபவம் வேண்டுமாம்; அதன் முதல் நிலையான பதிப்பே 2018 டிசம்பரில்தான் வந்தது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதென்றால் ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ ஏதாவது ஒன்று போதும். கேட்க வேண்டியது வேறு: ஆப்பிள் நிராகரித்த செயலியைத் திருத்தி மறுபடி அனுப்பி ஒப்புதல் வாங்கிய அனுபவம் உண்டா? வலைத்தளத்தில் பிழையை உடனே திருத்திவிடலாம். கைப்பேசிக்குப் போய்விட்ட பதிப்பை அப்படித் திரும்பப் பெற முடியாது. பயனர்கள் பலர் அப்டேட் செய்யாமல் மாதக்கணக்கில் பழையதையே வைத்திருப்பார்கள். சர்வரில் ஏபிஐயை மாற்றினால் முதலில் முடங்குவது அவர்களுடைய செயலிதான். ஆகவே அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இந்த டெவலப்பருக்கு உண்டு என்று பணி விவரத்தில் எழுதுங்கள். சம்பளத்தையும்தான்.