நூலகம் பூட்டியிருந்த நாளுக்கும் சுழியமா?

புதிய மாதம் பிறக்கும்போதெல்லாம் ஆய்வு மாணவர் குழுக்களில் ஓர் அட்டவணை வலம் வரத் தொடங்குகிறது. இடப்பக்கம் பழக்கங்களின் பெயர்கள். மேலே ஒன்று முதல் முப்பது வரை நாள்கள். நடுவே டிக் இடுவதற்கான கட்டங்கள். வலப்பக்கம் இரண்டு எண்கள்: இடைவிடாமல் செய்த நாள்களின் எண்ணிக்கையான ‘ஸ்ட்ரீக்’, மற்றொன்று நிறைவு விழுக்காடு. எழுதுவது, வாசிப்பது, நடப்பது, தண்ணீர் குடிப்பது என அனைத்தும் அதற்குள் அடக்கம். கட்டங்களோடு எனக்குப் பகையில்லை. அந்த வலப்பக்க எண்களைப் பற்றியே இப்பதிவு. அவை பிழையான எண்கள் என்பதும், அப்பிழையை நம்பி அறிவார்ந்த மனிதர்கள் தம்மைச் சோம்பேறிகள் என்று தீர்ப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதுமே என் குற்றச்சாட்டு.

முதலில் ஸ்ட்ரீக்கை எடுத்துக்கொள்வோம். பதினான்கு நாள் தொடர்ந்து எழுதிய ஒருவர் பதினைந்தாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவருடைய எண் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. பதினான்கு நாளில் உருவான எதுவோ அந்த ஒரு நாளில் அழிந்துபோனது என்று இந்த எண் சொல்கிறது. அப்படி எதுவும் அழிவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் செய்து 2010இல் அச்சான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 96 பேர், 84 நாள்கள். காலை உணவுக்குப் பின் போன்ற ஒரு குறிப்பிட்ட தருணத்தோடு புதிய செயல் ஒன்றை இணைத்து, அது எந்த அளவுக்கு ‘தானாகவே’ நிகழ்கிறது என்று அவர்கள் நாள்தோறும் பதிந்தார்கள். தானியல்பு தொடக்கத்தில் விரைந்து ஏறி, பின்னர் மெல்லச் சமநிலை அடைந்தது. அந்த வளைவு நன்கு பொருந்திவந்த 39 பேரிடம் சமநிலைக்கு அருகே செல்ல எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த முடிவு: ஒரு நாள் தவறியதால் அந்த ஏற்றம் பொருட்படுத்தத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. அடிக்கடி தவறியவர்களின் கதை வேறு. ஆனால் ஸ்ட்ரீக் தண்டிப்பது அடிக்கடி தவறுபவரை அல்லவே. ஒருமுறை தவறியவரைத்தான் அது முழு விசையோடு அடிக்கிறது.

கணக்கும் இதையே சொல்கிறது. இருபது நாளில் பத்தொன்பது நாள் எழுதுபவர் எவ்வகையிலும் ஒழுங்கானவர். அவர் முப்பது நாளும் இடைவிடாமல் எழுதுவதற்கான வாய்ப்பு 0.95ஐ முப்பது முறை பெருக்கிக் கிடைப்பது, ஏறத்தாழ 0.21. அதாவது அத்தகைய ஐவரில் நால்வருக்கு மாத முடிவுக்குள் சங்கிலி அறுந்தே தீரும். மொழி கற்பிக்கும் டுயோலிங்கோ செயலி, தவறிய நாளை மறைத்துச் சங்கிலியைக் காப்பாற்றும் ‘ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்’ என்ற வசதியைத் தன் கடையில் வைத்திருக்கிறது. ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகிவிடாது என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கும் நமக்குத்தான் தெரியவில்லை.

விழுக்காடு இதைவிட நேர்மையானது என்று சிலர் வாதிடுவர். திருவனந்தபுரத்தில் வாழும் ஓர் ஆய்வாளரின் ஜூன் மாதத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய ஒரு வரிசை ‘நூலகம் செல்லுதல்’. நான்கு ஞாயிறுகள், இரண்டாம் சனி, ஓர் அரசு விடுமுறை என ஆறு நாள் நூலகம் பூட்டப்பட்டிருக்கும். திறந்திருந்த 24 நாளில் அவர் 21 நாள் சென்றார். உண்மையான விழுக்காடு 87.5. அட்டவணையோ 21ஐ முப்பதால் வகுத்து 70 என்று அறிவிக்கிறது. வாரந்தோறும் ஞாயிறு குறுக்கிடுவதால் அவருடைய ஸ்ட்ரீக் எந்நாளும் ஆறைத் தாண்டாது. அதன் உச்சவரம்பைத் தீர்மானிப்பவர் கதவைப் பூட்டும் காவலாளி!

இரண்டாவது வரிசை காலை நடை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கான இயல்பு நாள் ஜூன் 1. மியூசியம் வளாகத்தில் நடப்பவர்கள் குடையோடு வந்து, பாதியில் திரும்பும் மாதம் அது. இங்கே இருவரை ஒப்பிடுவோம். ஒருவர் முதல் 18 நாளும் பிடிவாதமாக நடந்துவிட்டு, அதன் பிறகு அடியெடுத்தே வைக்கவில்லை. மற்றவர் மழை விட்ட காலைகளில் மட்டும், இரண்டு நாள் நடந்தும் ஓரிரு நாள் விட்டுமாக, மாதக் கடைசிவரை 18 நாள் நடந்தார். இருவருக்கும் விழுக்காடு 60. ‘மிக நீண்ட ஸ்ட்ரீக்’ என்ற பத்தியில் முதலாமவருக்கு 18, இரண்டாமவருக்கு 2 அல்லது 3. ஜூலை முதல் நாள் காலையில் யார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார் என்று எவரைக் கேட்டாலும் சரியாகச் சொல்வார். அட்டவணை மட்டும் செத்துப்போன பழக்கத்துக்கு மாலை போடுகிறது.

பிழையின் வேர் கட்டத்தின் வடிவிலேயே இருக்கிறது. டிக் கட்டத்துக்கு இரண்டே நிலைகள். ஆனால் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியவை நான்கு: செய்தேன், செய்ய இயன்றும் செய்யவில்லை, செய்யவே இயலாது, குறிக்க மறந்தேன். இறுதி மூன்றையும் ஒரே வெற்றுக் கட்டத்துக்குள் தள்ளிவிட்டு, அனைத்தையும் தோல்வி என்று எண்ணுகிறோம். நம் ஆய்வேட்டில் விடுபட்ட தரவைச் சுழியமாக நிரப்பினால் எந்த நெறியாளரும் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். கூகுள் ஷீட்ஸில் செய்து பரப்பப்படும் அட்டவணைகளில் பலமுறை கண்ட சூத்திரம் இது:

```
=COUNTIF(B2:AE2,TRUE)/COUNTA(B2:AE2)
```

டிக் இடாத கட்டத்தை அந்த மென்பொருள் வெறுமையாகக் கருதுவதில்லை. அதன் மதிப்பு `FALSE`. ஆகவே `COUNTA` இன்னும் விடியாத நாள்களையும் சேர்த்து எண்ணுகிறது. பத்தாம் தேதி மாலை ஒன்பது டிக் வைத்திருப்பவருக்கு 90 விழுக்காடு காட்ட வேண்டிய இடத்தில் 30 காட்டும். வராத இருபது நாளுக்கும் சேர்த்து அவர் குற்றவாளி!

கட்டம் போட்டுக் குறிப்பதே பயனற்றது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். காசநோய்க்கான சிகிச்சை அட்டையும் நாள்வாரியான கட்டங்களால் ஆனதுதான். அங்கே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் ஏன் மாத்திரை விடுபட்டது என்று சுகாதாரப் பணியாளர் விசாரிக்க வேண்டும்: ஒவ்வாமையா, ஊருக்குப் போயிருந்தாரா, மருந்து கிடைக்கவில்லையா? வெறுமை அங்கே ஒரு கேள்வி. நம் அட்டவணையில் அது தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்புக்கு அஞ்சித்தான் இரவு பதினொன்று ஐம்பதுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தட்டி, ‘எழுதுதல்’ கட்டத்தில் டிக் வைத்துவிட்டு உறங்கச் செல்கிறோம். சங்கிலி பிழைக்கிறது, இயல் அப்படியே கிடக்கிறது.

அட்டவணை வேண்டும் என்போர் டிக் கட்டங்களை அகற்றிவிட்டு எழுத்தால் குறியுங்கள். செய்த நாளுக்கு 1. இயன்றும் செய்யாத நாளுக்கு 0. பூட்டிய நூலகத்துக்கும் காய்ச்சலுக்கும் ‘வி’. மறந்த நாளும் வராத நாளும் வெறுமையாகவே இருக்கட்டும். விழுக்காட்டுப் பத்தியில் இது போதும்:

```
=AVERAGE(B2:AE2)
```

எழுத்தையும் வெறுமையையும் அது கணக்கில் கொள்ளாது. வகுக்கும் எண் தானாகவே சரியாகிவிடும். ‘வி’ பெருகினால் என்ன செய்வது என்று கேட்கலாம். பெருகட்டும், எந்தக் கிழமையில் பெருகுகிறது என்று பாருங்கள். எல்லாம் திங்களிலும் வியாழனிலும் விழுந்தால், அன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும் வகுப்போ பயணமோ எது என்று கண்டுபிடிக்கலாம். ஸ்ட்ரீக் பத்தியை மட்டும் முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ‘கடைசியாகத் தவறிய பின் எத்தனை நாளில் திரும்பினேன்’ என்று ஓர் எண் எழுதலாம். மழையில் நடந்த அந்த இரண்டாமவருக்கு ஜூன் முழுவதும் அது ஒன்றாகவோ இரண்டாகவோ இருந்திருக்கும்.